சமாந்தர எடுகோளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு A4 தாள், கவராயம், பாகைமானி, அடிமட்டம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நடுப்பகுதியில் அவை தேவைப்படும்.

கேத்திரகணிதத்தில் நிறுவாமல் ஏற்றுக்கொள்பவை எவை? பாடசாலையில் படித்த வெளிப்படை உண்மைகள்தானா?

அவை பாதிதான். "சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் சமமானவையே கிடைக்கும்" போன்றவை எண்ணுக்கும் நீளத்துக்கும் கோணத்துக்கும் பொதுவானவை. கோடு, வட்டம் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அதற்காக யூக்கிளிட் வேறு ஐந்து எடுகோள்களை வைத்தார். எந்த இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம். நேர்கோட்டுத் துண்டத்தை இரு பக்கமும் வேண்டிய அளவுக்கு நீட்டலாம். எந்த மையத்திலும் எந்த ஆரையிலும் வட்டம் வரையலாம். எல்லாச் செங்கோணங்களும் ஒன்றுக்கொன்று சமம். இந்த நான்கையும் யாரும் மறுப்பதில்லை.

ஐந்தாவது நீளமானது: இரு நேர்கோடுகளை ஒரு குறுக்கோடி வெட்டும்போது, ஒரு பக்கத்திலுள்ள அகக்கோணங்கள் இரண்டின் கூட்டுத்தொகை 180 பாகையிலும் குறைவாக இருந்தால், அந்தக் கோடுகளை நீட்டும்போது அவை அந்தப் பக்கத்திலேயே சந்திக்கும்.

பாடப்புத்தகங்களில் இதற்குப் பதிலாகப் பெரும்பாலும் காணப்படும் வடிவம், "ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி ஒன்றினூடாக அக்கோட்டுக்குச் சமாந்தரமாக ஒரேயொரு கோடுதான் வரையலாம்" என்பது. 1795 இல் பிளேஃபெயர் பரவலாக்கிய வடிவம் அது. மற்ற நான்கும் கூட இருக்கும்வரை இரண்டும் ஒன்றே.

யூக்கிளிட்டின் பட்டியலில் ஓட்டைகளும் உண்டு. இரு வட்டங்கள் ஒன்றையொன்று தாண்டிச் சென்றால் அவை வெட்டும் புள்ளி ஒன்று இருக்கும் என்பதை அவர் சொல்லாமலே பயன்படுத்தினார். இவற்றை 1899 இல் ஹில்பேர்ட் ஒழுங்காக நிரப்பினார். இங்கே பேசப்போகும் விடயத்தை அந்தத் திருத்தங்கள் மாற்றுவதில்லை.

மற்ற நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதில் மட்டும் ஏன் சந்தேகப்பட்டார்கள்?

அது நாம் பார்க்க முடியாத தூரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பக்கத்து அகக்கோணங்கள் 90 பாகையும் 89.999 பாகையும் என்றால், கோடுகள் எங்கே சந்திக்கும் என்று தாளில் காட்ட முடியாது. யூக்கிளிட்டே இதைத் தள்ளிப்போட்டார் என்பது அவருடைய ஒழுங்கில் தெரியும். முதலாம் நூலின் முதல் 28 தேற்றங்களில் இது பயன்படவில்லை. முக்கோணிகளின் ஒருங்கிசைவு, இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள், கோண இருகூறாக்கி எல்லாம் இது இல்லாமலே நிற்கும். 29ஆம் தேற்றத்தில்தான் முதன்முதலாக வருகிறது.

முக்கோணியின் கோணங்கள் 180 பாகை என்பதற்கு நிறுவல் இருக்கிறதே. அதில் இந்த எடுகோள் எங்கே நுழைகிறது?

நிறுவலை மெதுவாக வாசித்தால் சரியாக ஒரு வரியில். ABC என்ற முக்கோணியில் A இனூடாக BC க்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைகிறோம். பிறகு "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்று B ஐயும் C ஐயும் மேலே கொண்டுபோய் A இன் இரு பக்கமும் வைக்கிறோம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டில் அமைகின்றன.

முதற்படியில் குழப்பமில்லை. ஒன்றுவிட்ட கோணம் சமமாகும்படி A இல் ஒரு கோட்டை வரைந்தால் அது BC ஐச் சந்திக்காது. சந்தித்தால் ஒரு முக்கோணியின் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணம் ஒன்றுக்குச் சமமாகிவிடும். அது நடக்காது என்பதை ஐந்தாவது இல்லாமலே நிறுவலாம்.

அப்படியானால் B ஐச் சமமாக்கும் கோடு ஒன்று, C ஐச் சமமாக்கும் கோடு ஒன்று என A இல் சமாந்தரக் கோடுகள் கிடைக்கின்றன. அவை இரண்டும் ஒரே கோடுதான் என்று யார் சொன்னார்? அதைச் சொல்வது ஐந்தாவது எடுகோள் மட்டுமே. "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் எனின் கோடுகள் சமாந்தரம்" என்பதற்கு எடுகோள் தேவையில்லை. அதன் மறுதலையான "கோடுகள் சமாந்தரம் எனின் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்பதற்குத் தேவை. பரீட்சை விடைத்தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவது சாதாரணப் பிழை. எடுகோளின் எல்லையே இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால், அந்தப் பிழையைச் சிறியதென்று விட்டுவிடக் கூடாது.

எடுகோளை விடுவது என்றால் அது பொய் என்று சொல்வதா?

இரண்டும் வேறு. வெறுமனே விட்டால், முதல் 28 தேற்றங்களும் அவற்றிலிருந்து வருபவையும் மிஞ்சும். அங்கே முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டாது என்றுவரை நிறுவலாம். சரியாக 180ஆ, குறைவா என்பதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரேயொரு முக்கோணியில் சரியாக 180 வந்துவிட்டால் எல்லா முக்கோணிகளிலும் 180 வரும். ஒன்றில் குறைந்தால் எல்லாவற்றிலும் குறையும்.

பொய் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது வழி திறக்கும்: புள்ளியினூடாக ஒன்றுக்கு மேற்பட்ட சமாந்தரக் கோடுகள் உண்டு. 1733 இல் சக்கேரி முரண்பாடு வரும் என்று எதிர்பார்த்து இந்த வழியில் வெகுதூரம் போனார். வந்தவை விசித்திரமான தேற்றங்களே தவிர முரண்பாடு அல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு லொபசெவ்ஸ்கி 1829 இலும் போல்யாய் 1832 இலும் இதை முழுமையான ஒரு கேத்திரகணிதமாகவே வெளியிட்டார்கள். இதை அதிபரவளைவுக் கேத்திரகணிதம் என்பார்கள்.

பூமி உருண்டையில் கோணங்கள் 180ஐத் தாண்டுமாமே. அதுதான் சமாந்தரம் இல்லாத கேத்திரகணிதமா?

180ஐத் தாண்டுவது உண்மை. ஆனால் இது ஐந்தாவதை மட்டும் விட்டதற்கு உதாரணம் அல்ல. கோளத்தில் நேர்கோட்டின் இடத்தில் இருப்பது பெருவட்டம், அதாவது மையத்தினூடாக வெட்டும்போது வரும் வட்டம். வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் இடையில் எண்ணற்ற பெருவட்டங்கள் போகின்றன. கோடுகள் முடிவில்லாமல் நீளாமல் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகின்றன. மத்தியகோட்டை இரண்டு நெடுங்கோடுகள் செங்கோணத்தில் வெட்டி, துருவத்தில் சந்திக்கின்றன. அந்த முக்கோணியில் புறக்கோணமும் அகத்தெதிர்க் கோணமும் இரண்டுமே 90 பாகை. மேலே சொன்ன புறக்கோண வாதமே இங்கே உடைகிறது. ஆக ஐந்தாவதோடு வேறு எடுகோள்களும் போய்விட்டன.

"அகலக்கோடுகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லையே, அவை சமாந்தரம்தானே" என்று அடுத்த கேள்வி வரும். மத்தியகோட்டைத் தவிர மற்ற அகலக்கோடுகள் பெருவட்டங்கள் அல்ல. பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துத் திருகோணமலையில் ஒரு முனையையும் பனாமா நகரத்தில் மறுமுனையையும் வைத்து இறுக்கிப் பாருங்கள். இரண்டும் வடக்கு 8.6, 9.0 பாகை அளவில், ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் உள்ளன. நூல் அந்த அகலக்கோட்டில் நிற்காது. வடக்கே ஏறி, நடுவழியில் ஏறத்தாழ 43 பாகையில் பிரான்சு, ஸ்பெயின் எல்லை மலைகளைக் கடந்துதான் போகும்.

அப்படியென்றால் இலங்கைக்குள் பெரிய முக்கோணி ஒன்றை அளந்தால் 180 வராதா?

வராது. ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது. திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகியவற்றை இணைக்கும் முக்கோணியின் பரப்பளவு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீற்றர். கோளத்தில் 180ஐ விடக் கூடும் அளவு, பரப்பளவைப் பூமியின் ஆரையின் வர்க்கத்தால் வகுத்தால் வரும். ஆரை 6371 கிலோமீற்றர் எனக் கொண்டால்:

```
21000 / (6371 × 6371) = 0.00052 ஆரையன் = 0.03 பாகை
```

மூன்று கோணங்களையும் கூட்டினால் 180.03 பாகை. அரைப் பாகை வரை வாசிக்கும் பாடசாலைப் பாகைமானிக்கு இது தெரியாது. நில அளவையாளரின் தியோடலைட்டுக்குத் தெரியும். 200 சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு செக்கன், அதாவது பாகையின் 3600 இல் ஒரு பங்கு, கூடுகிறது என்று நினைவில் வைத்தால் போதும். உவர்மலையில் ஒரு வளவை அளப்பவருக்கு இது தேவைப்படாது.

சமாந்தரம் பல உள்ள கேத்திரகணிதத்தைத் தாளில் கீறிப் பார்க்க முடியுமா?

முடியும். புவாங்கரேயின் வட்டத்தட்டு என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். தாளை நெடுக்காக வைத்து, கீழ் விளிம்பிலிருந்து 12 சென்ரிமீற்றர் உயரத்தில் நடுவே O என்ற புள்ளியைக் குறியுங்கள். O ஐ மையமாக வைத்து 8 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம் வரையுங்கள். இந்த வட்டத்தின் உட்பகுதிதான் முழுத் தளமும். வட்டத்தின் விளிம்பு தளத்தில் சேராது. "நேர்கோடு" என்பது O இனூடாகப் போகும் விட்டம், அல்லது விளிம்பைச் செங்கோணத்தில் சந்திக்கும் வட்டவில்லின் உட்பகுதி. கோணங்களைப் பாகைமானியால் உள்ளபடியே அளக்கலாம். நீளத்தை அடிமட்டத்தால் அளக்க முடியாது. விளிம்பை நெருங்க நெருங்கப் படத்தின் ஒரு மில்லிமீற்றர் பெரிய நீளமாகிறது.

O இனூடாகக் கிடையாக ஒரு விட்டம் வரையுங்கள். அது கோடு L. O இலிருந்து நேர்மேலே 4 சென்ரிமீற்றரில் P ஐக் குறியுங்கள். P இனூடாக L ஐச் சந்திக்காத கோடுகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

P இனூடாகப் போகும் "நேர்கோடுகளில்" OP ஐத் தவிர மற்ற எல்லாவற்றினதும் மையங்கள், O இலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ள கிடைக்கோட்டில் விழும். அந்தக் கோட்டை மெல்லிய பென்சிலால் போட்டுவிடுங்கள். அதன் நடுவிலிருந்து, அதாவது O க்கு நேர்மேலே உள்ள புள்ளியிலிருந்து, t சென்ரிமீற்றர் தள்ளி மையத்தை வைத்தால் ஆரை √(t² + 36). கவராயத்தை அந்த மையத்தில் குத்தி P வரை திறந்தாலே சரியான ஆரை வந்துவிடும்.

முதலில் t = 0. ஆரை 6. இந்த வில் P இல் OP க்குச் செங்குத்து. விளிம்பை O இலிருந்து பக்கமாக 4.8, மேலே 6.4 சென்ரிமீற்றரில் இரு புறமும் தொடும். இது L ஐச் சந்திக்காது. வழக்கமான சமாந்தரக் கோடு இதுதான்.

அடுத்தது வலப்பக்கம் t = 4.5. ஆரை 7.5. இந்த வில் கீழே இறங்கி, L இலிருந்து 2.5 சென்ரிமீற்றர் வரை வந்து மறுபடி ஏறுகிறது. இதுவும் L ஐச் சந்திக்கவில்லை. ஒரே புள்ளியினூடாக இரண்டாவது சமாந்தரக் கோடு கிடைத்துவிட்டது.

t = 8 என்றால் ஆரை 10. வில் L இன் வலது நுனியை, விளிம்பிலேயே தொடுகிறது. விளிம்பு தளத்தில் இல்லாததால் இதுவும் சந்திக்கவில்லை. இதுதான் எல்லைக் கோடு. P இல் இது OP உடன் ஆக்கும் கோணத்தின் தான்சன் 6/8, அதாவது கோணம் 36.9 பாகை. இடப்பக்கத்திலும் இப்படி ஒன்று. OP உடன் 36.9 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையில் எந்தக் கோணத்தில் புறப்பட்டாலும் L ஐ ஒருபோதும் சந்திக்காது. அதிலும் குறைவான கோணத்தில் புறப்பட்டால் நிச்சயம் சந்திக்கும்.

t = 9.1 எடுத்துப் பாருங்கள். ஆரை 10.9. உங்கள் கவராயம் அவ்வளவு திறக்காவிட்டால் மட்டைத் துண்டில் 10.9 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரு துளையிட்டு, ஒன்றில் குண்டூசியும் மற்றதில் பென்சில் நுனியும் வைத்து வரையலாம். இந்த வில் O இலிருந்து ஏறத்தாழ 4.8 சென்ரிமீற்றரில் L ஐ வெட்டுகிறது. அந்தப் புள்ளி Q.

வரைந்தது சரியா என்று பார்க்க ஒரு வழி: வில் விளிம்பைத் தொடும் இடத்தை O உடனும் வில்லின் மையத்துடனும் இணையுங்கள். இடையிலுள்ள கோணம் 90 பாகையாக இருக்க வேண்டும். 88, 92 என்று வந்தால் மையம் நழுவியிருக்கிறது.

OPQ முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு வரும்? நான் அளந்தபோது 180தான் வந்தது.

180 வந்தால் P ஐயும் Q ஐயும் அடிமட்டத்தால் இணைத்து அளந்திருக்கிறீர்கள். அது தாளின் முக்கோணி. இங்கே PQ என்ற பக்கம் வில். வில்லின் கோணத்தை அதன் தொடலியால் அளக்க வேண்டும். P ஐ வில்லின் மையத்தோடு இணைத்து, அந்த ஆரைக்கு P இல் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் அதுதான் தொடலி. Q இலும் அப்படியே.

இப்படி அளந்தால் O இல் 90, P இல் 33.4, Q இல் 23.4 பாகை. கூட்டுத்தொகை ஏறத்தாழ 147. பாகைமானியில் ஒன்று இரண்டு பாகை முன்பின் வரலாம், ஆனால் 33 பாகை குறைவை அளவுப் பிழை என்று சொல்ல முடியாது.

இந்தக் குறைவுதான் பரப்பளவு. பாகையை ஆரையனாக மாற்றினால் 0.58 சதுர அலகு. குறைவு 180 பாகையைத் தாண்ட முடியாது என்பதால் எந்த முக்கோணியின் பரப்பளவும் π அலகைத் தாண்டாது, பக்கங்கள் எவ்வளவு நீளமானாலும். கோணங்களை மாற்றாமல் முக்கோணியைப் பெரிதாக்கினால் குறைவு மாறாது, ஆகவே பரப்பளவும் மாறாது. எனவே இயல்பொத்த, ஆனால் ஒருங்கிசையாத முக்கோணிகள் இங்கே கிடையா. மூன்று கோணங்களும் தெரிந்தால் பக்கங்களும் தீர்மானமாகிவிடும். செவ்வகம் இல்லை, சதுரமும் இல்லை. பைதகரசுத் தேற்றம் நாம் அறிந்த வடிவில் நிற்காது.

வளைந்த வில்லை நேர்கோடு என்று பெயர் வைத்தால் எதையும் காட்டலாமே? இது ஏமாற்று இல்லையா?

பெயரை வைத்துத் தப்ப முடியாது, எடுகோள்களைச் சோதிக்க வேண்டும். வட்டத்துக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் விளிம்பைச் செங்கோணத்தில் சந்திக்கும் வில் அல்லது விட்டம் ஒன்றே ஒன்று அவற்றினூடாகப் போகும். முதலாவது சரி. நீட்டுவதைப் பார்க்க நீளத்தின் சூத்திரம் வேண்டும். O இலிருந்து படத்தில் r சென்ரிமீற்றர் தள்ளியுள்ள புள்ளியின் உண்மைத் தூரம் இது:

```
d = ln((8 + r) / (8 − r))
```

r = 4 என்றால் d = 1.10. r = 7 என்றால் 2.71. r = 7.9 என்றால் 5.07. r எட்டை நெருங்க d எல்லையின்றிக் கூடுகிறது. ஆக உள்ளே இருப்பவருக்கு விளிம்பு ஒருபோதும் வராது, கோட்டை வேண்டிய அளவு நீட்டலாம். வட்டம் வரைவதும் செங்கோணங்கள் சமமாவதும் அவ்வாறே சரிவரும். ஐந்தாவது மட்டும் தவறுகிறது.

இந்தப் படத்திலுள்ள ஒவ்வொரு கூற்றும் சாதாரண வட்டங்களைப் பற்றிய யூக்கிளிட் கூற்றாகவும் இருக்கிறது. எனவே புதிய கேத்திரகணிதத்தில் முரண்பாடு வந்தால் அது பழையதிலும் வந்தே தீரும். இத்தகைய மாதிரிகளை 1868 இல் முதலில் கொடுத்தவர் பெல்திராமி. முதல் நான்கிலிருந்து ஐந்தாவதை நிறுவ முடியாது என்பது அதனால் உறுதியாயிற்று. எவ்வளவு கெட்டிக்காரர் முயன்றாலும் முடியாது.

என்னிடம் ஐந்தாவதுக்கு ஒரு நிறுவல் இருக்கிறது: L இலிருந்து எப்போதும் சம தூரத்தில் ஒரு புள்ளியை நகர்த்தினால் அது சமாந்தரக் கோடு. அதில் என்ன பிழை?

நகரும் புள்ளியின் பாதை நேர்கோடு என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டது. பழைய நிறுவல்கள் பல இந்த இடத்தில்தான் விழுந்தன. உங்கள் படத்திலேயே பாருங்கள். O க்குக் கீழே 6 சென்ரிமீற்றரில் கவராயத்தைக் குத்தி 10 சென்ரிமீற்றர் ஆரையில் P இனூடாக ஒரு வில் போடுங்கள். L இலிருந்து P இருக்கும் அதே தூரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் இதில்தான் கிடக்கின்றன. இது L இன் இரு நுனிகளுக்கும் இறங்கிப் போகிறது. விளிம்பைச் செங்கோணத்தில் சந்திப்பதில்லை, ஆகவே நேர்கோடு அல்ல. முன்பு வரைந்த t = 0 வில்லோ P இல் இதைத் தொட்டு, எதிர்ப்பக்கமாக மேலே வளைந்து போகிறது. சமதூரம், நேர்கோடு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

வேறு நிறுவல் கையில் இருந்தால் இவற்றைத் தேடுங்கள்: எங்காவது செவ்வகம் வரைந்தீர்களா? வடிவம் மாறாமல் முக்கோணியைப் பெரிதாக்கினீர்களா? ஒரே கோட்டில் இல்லாத எந்த மூன்று புள்ளிகளினூடாகவும் வட்டம் போகும் என்றீர்களா? ஒவ்வொன்றும் ஐந்தாவது எடுகோளே, வேறு வேடத்தில்.

நாம் வாழும் இடம் எந்த வகை என்று கோணத்தை அளந்து முடிவு செய்யலாமா?

ஒரு பக்கம் மட்டும் முடிவாகலாம். P ஐ O க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். 4 சென்ரிமீற்றரில் எல்லைக் கோணம் 36.9 பாகை. 0.8 சென்ரிமீற்றரில் 78.6. ஒரு மில்லிமீற்றரில் 88.6. சிறிய இடத்தில் புதிய கேத்திரகணிதம் பழையதைப் போலவே தெரியும். அளவுப் பிழையை விடப் பெரிதான குறைவு ஒன்று கிடைத்தால் யூக்கிளிட்டின் ஐந்தாவது அங்கே பொருந்தவில்லை என்று சொல்லலாம். 180 என்று கிடைத்தால், குறைவு நமது கருவியின் பிழையிலும் சிறியது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இன்னும் பெரிய முக்கோணியை, இன்னும் நுட்பமான கருவியால் அளக்க வேண்டியிருக்கும்.